எல்லோரும் படித்தார்கள், பக்காவைத் தவிர

1935இல் லண்டனில் ஒரு நாவல் வெளிவந்தது. முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய 'அன்டச்சபிள்'. ஈழத்து எழுத்தாளர் கே. கணேஷ் 'தீண்டாதான்' என்று அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மலம் அள்ளும் வேலை சுமத்தப்பட்ட சாதியில் பிறந்த பக்கா என்ற பதினெட்டு வயது இளைஞனின் ஒரே ஒரு நாள்தான் கதை. இன்றைக்கும் கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. உங்களில் பலர் தேர்வுக்காகவாவது அதைப் புரட்டியிருப்பீர்கள்.

அந்த நாவல் அச்சேறும் முன் அதைக் கையெழுத்துப் பிரதியாகப் படித்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்போம். காந்தியிடம் அதை எடுத்துப் போனதாக ஆனந்தே பின்னாளில் எழுதினார். பத்தொன்பது பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். கடைசியில் விஷார்ட் என்ற இடதுசாரிப் பதிப்பகம், ஃபார்ஸ்டரின் முன்னுரை இருந்தால் போடுகிறோம் என்றது. 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய இ. எம். ஃபார்ஸ்டரும் படித்தார், முன்னுரை கொடுத்தார். ஆக ஒரு மகாத்மா, இருபது பதிப்பகங்கள், ஒரு புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர். நமக்குக் கிடைக்கும் இந்த வரலாற்றில் பக்காவின் சாதியில் பிறந்த ஒருவர்கூட வாசகராக வருவதில்லை.

ஆனந்த் பெஷாவரில் பிறந்தவர். அப்பா செப்புப் பாத்திரத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து ராணுவ எழுத்தர் வேலைக்குப் போனவர். சாதி இந்து. தன் சாதி அல்லாத ஒரு சாதியின் உள்ளத்தை எழுத அவருக்கு உரிமை உண்டா என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்க நாங்கள் விரும்பவில்லை. எழுதிவிட்டார், தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் படிக்கிறது. எங்கள் கேள்வி வேறு: அச்சுக்கு முன்னால் அதைப் படித்துத் திருத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

இன்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 'சென்சிட்டிவிட்டி ரீடிங்' என்கிறார்கள். எழுத்தாளர் தான் சாராத ஒரு சமூகத்தை எழுதும்போது, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்துப் பிரதியைப் படித்து, எங்கே பிழை, எங்கே இழிவு, எங்கே விடுபடல் என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பதிப்புலகில், குறிப்பாகச் சிறார், இளையோர் நூல்களில், இது கூலி கொடுத்துச் செய்யப்படும் வேலையாக நிலைபெற்றது. நாங்கள் இங்கே அதை முன்வாசிப்பு என்று சொல்கிறோம். பெயர் புதிது. அச்சுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய மனம் நோகாதபடி பிரதியைத் திருத்துவது பழைய வழக்கம். யாருடைய மனம் என்பதுதான் மாறாமல் இருந்தது.

காந்தி வெட்டச் சொன்னது எதை?

ஆனந்த் சொல்லும் கதை இப்படிப் போகிறது. லண்டனில் முதல் வரைவை எழுதி முடித்தவர், காந்தி தன் 'யங் இந்தியா' இதழில் ஊக்கா என்ற துப்புரவுச் சிறுவனைப் பற்றி எழுதியதைப் படிக்கிறார். அந்த எளிமை அவரை உலுக்குகிறது. பிரதியோடு இந்தியா வந்து சபர்மதி ஆசிரமத்துக்குப் போகிறார். அங்கே கழிப்பறை சுத்தம் செய்யும் முறைவேலையும் செய்கிறார். பிரதியைப் பார்த்த காந்தி, நூறு பக்கங்களுக்கு மேல் வெட்டச் சொல்கிறார். காரணம், பக்கா ப்ளூம்ஸ்பரி அறிவுஜீவியைப் போல யோசிக்கிறான், கனவு காண்கிறான். ப்ளூம்ஸ்பரி என்பது லண்டனில் வர்ஜீனியா வூல்ஃப் போன்றோர் கூடிய பகுதி; ஆனந்தும் அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்தவர். ஆனந்த் வெட்டினார். இன்று நாம் படிப்பது வெட்டியபின் மிஞ்சிய சிறிய நூல்.

இது முழுக்க ஆனந்தின் நினைவிலிருந்து வரும் கதை. ஆனால் ஆனந்தே இதைப் பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதால், இதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். மலம் அள்ளும் இளைஞனைப் பற்றிய நாவலை யாரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியபோது அவருக்கு நினைவு வந்த முகம் காந்தியுடையது.

காந்தியின் குறிப்பில் பாதி சரி. லண்டனில் தத்துவம் படித்த ஒருவரின் நினைவோட்டத்தை, பள்ளிக்கே போக முடியாத ஒரு பையனின் தலைக்குள் ஊற்றினால் அது பொய்யாகத்தான் ஒலிக்கும். எந்த நல்ல முன்வாசகரும் இதைக் குறித்திருப்பார்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். ஒரு பாத்திரத்தின் சிந்தனை பொய்யாக ஒலித்தால் இரண்டு வழி உண்டு. சிந்தனையையே வெட்டலாம். அல்லது, இவன் உண்மையில் எதைப் பற்றி, எந்தச் சொற்களில் யோசிப்பான் என்று அவன் தெருவில் போய்க் கேட்டு மாற்றி எழுதலாம். இரண்டாவது வழியைக் காட்ட, அந்தத் தெருவில் பிறந்தவர் வேண்டும். வெளியிலிருந்து படிப்பவருக்கு முதல் வழி மட்டுமே கைவரும். பக்கா குறைவாக யோசிக்கிறவனாக ஆனான். வேறுவிதமாக யோசிக்கிறவனாக ஆகவில்லை.

அந்தச் சமயத்தில் இந்தக் கேள்வி இலக்கியத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாடு நடந்தது, ஆனந்த் பல ஆண்டுகள் வாழ்ந்த அதே லண்டனில். அங்கே தீண்டப்படாத மக்களின் பிரதிநிதியாக அண்ணல் அம்பேத்கர் உட்கார்ந்திருந்தார். நம் ஊரிலிருந்து போன இரட்டைமலை சீனிவாசனும் உடன் இருந்தார். அவர்கள் முன்னாலேயே, அந்த மக்களின் பெருந்திரளுக்குத் தானே பிரதிநிதி என்று காந்தி சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. யார் யாருக்காகப் பேசுவது என்று மாநாட்டு மேசையில் நடந்த அதே சண்டை, ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதிமேல் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருந்தது.

ஃபார்ஸ்டர் கொடுத்த சான்றிதழ்

அடுத்தது முன்னுரை. அந்தக் காலத்தில் ஃபார்ஸ்டரின் முன்னுரை நாவலுக்குக் கவசம். மலம் பற்றிய கதை அழுக்கு என்று ஒதுக்க வந்தவர்களை அவர்தான் தடுத்தார். அதற்கு நன்றி உண்டு. ஆனால் அவர் ஒரு வாதத்தையும் வைத்தார். ஐரோப்பியர் இதை எழுதியிருக்க முடியாது, அவருக்குப் போதிய விவரம் தெரியாது. தீண்டப்படாதவரும் இதை எழுதியிருக்க முடியாது, அவர் கோபத்திலும் சுயபச்சாதாபத்திலும் சிக்கிக்கொள்வார். ஆகவே ஆனந்த் நிற்கும் இடமே உகந்த இடம். இதுதான் அந்த வாதத்தின் சாரம்.

தோழர்களே, இந்த வாதத்தை நன்றாக அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு இன்றும் இலக்கியக் கூட்டங்களுக்கு வருகிறது. பாதிக்கப்பட்டவரிடம் நடுநிலை இருக்காது, பார்த்துக்கொண்டிருந்தவரிடம் இருக்கும். அடி வாங்கியவனின் சாட்சியம் உணர்ச்சி. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவரின் சாட்சியம் இலக்கியம்.

உண்மை நிலவரம் என்ன? இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசப் பண்டிதரின் இதழ் 1907இல். அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியது 1920இல். அதற்கெல்லாம் வெகு முன்பே, 1855இல், புனேயில் புலே தம்பதியரின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தாபாய் தன் மக்களின் துயரைக் கட்டுரையாக எழுதி அச்சிலும் வந்துவிட்டது. எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கோபமும் இருந்தது, அந்தக் கோபத்துக்குள் தெளிவான வாதமும் இருந்தது. ஃபார்ஸ்டருக்கு அவர்களைத் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாத ஒன்றை 'இருக்க முடியாது' என்று எழுத அவருக்கு அதிகாரம் இருந்தது. அவரைத் திருத்த அந்த அறையில் யாரும் இல்லை.

இப்போது நாம் படித்தால்

சரி, ஒரு பயிற்சியாக அந்தப் பிரதியை முன்வாசகராக நாம் படித்துப் பார்ப்போம். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரு நல்ல முன்வாசகர் குறிப்பு எப்படி எழுதுவார் என்று பார்ப்பதற்காக.

முதலில், எது சரியாக இருக்கிறது என்று குறிக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைத்தெருவில் பக்கா தெரியாமல் ஒரு சாதி இந்துவைத் தொட்டுவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. வசை பொழிகிறது. கன்னத்தில் அறை விழுகிறது, ஆசையாக வாங்கிய ஜிலேபி மண்ணில் சிதறுகிறது. கிணற்றடியில் அவன் தங்கை சோகினி, மேல்சாதியார் யாராவது மனமிரங்கித் தண்ணீர் ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்திருக்கிறாள். மாடி வீட்டிலிருந்து ஒரு பெண் ரொட்டியை வீசி எறிகிறாள். அடிபட்ட சாதி இந்துச் சிறுவனைப் பக்கா தூக்கிக்கொண்டு வீட்டில் சேர்க்க, தாய் அவனைத் திட்டுகிறாள். இந்தக் கடைசிக் காட்சி ஆனந்தின் சொந்தச் சிறுவயதில் நடந்தது. தன்னைத் தூக்கி வந்த துப்புரவுத் தொழிலாளி நண்பனைத் தன் தாய் திட்டியதை அவர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காட்சிகள் எல்லாம் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். கடைத்தெரு, கிணற்றடி, கோயில் படி, சாதி இந்து வீட்டு வாசல். இரண்டு சாதிகள் நேருக்கு நேர் வரும் இடங்கள். அங்கே ஆனந்தும் நின்றிருக்கிறார், அந்தப் பக்கமாக. தன் வீட்டு வாசலில் நின்று பார்க்க முடிந்ததை அவர் நேர்மையாக, துல்லியமாகப் பார்த்தார். வசைச் சொற்களையும் அவர் மழுப்பவில்லை. முன்வாசகரின் வேலை அந்த வசைகளை நீக்கச் சொல்வது அல்ல. திட்டுகிறவன் வாயில் அவை இருக்கட்டும். நீக்கினால் திட்டியவன்தான் நல்லவனாவான். கதைசொல்லி தன் சொந்தக் குரலில் அதே சொல்லைப் பயன்படுத்தினால்தான் கோடிட வேண்டும்.

இனி, விடுபட்டவை. அவை எல்லாம் சாதி இந்து வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கின்றன.

முதல் குறிப்பு சோகினியைப் பற்றி இருக்கும். கோயில் பூசாரி காளிநாத் அவளைத் தொட முயல்கிறான். அவள் கத்தியதும், தான் தீட்டுப்பட்டுவிட்டதாகக் கூச்சல் போடுகிறான். சாதியமும் ஆணாதிக்கமும் ஒரே கையில் இருப்பதை இதைவிடக் கூர்மையாக அன்றைய ஆங்கில நாவல் சொல்லியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அதன்பின் கதை அண்ணனின் கோபத்தையும் அவமானத்தையும் பின்தொடர்ந்து போகிறது. சோகினி என்ன நினைத்தாள்? அன்று மாலை தெருப் பெண்களிடம் என்ன சொன்னாள்? அடுத்த நாள் அதே இடத்துக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் பிரதியைப் படித்திருந்தால் முதலில் கேட்டிருப்பது இதைத்தான். ஒரு சமூகத்துக்கு ஒரு முன்வாசகர் போதாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். பக்காவின் சாதியில் பிறந்த ஆண் ஒருவரிடம் மட்டும் கொடுத்திருந்தாலும் இந்தக் குறிப்பு வராமலே போயிருக்கலாம்.

இரண்டாவது குறிப்பு மதம் பற்றி. நாவலின் முடிவில் பக்காவின் முன்னால் மூன்று வழிகள் வருகின்றன. முதலாவது ஹட்சின்சன் என்ற சால்வேஷன் ஆர்மி வெள்ளைக்காரப் பாதிரி. அவர் பாட்டுப் பாடிக்கொண்டே பக்காவை அழைத்துப் போகிறார். யேசு யார் என்று அவனுக்குப் புரியவே இல்லை. பாதிரியின் மனைவி போடும் சத்தத்தில் அவன் ஓடிவிடுகிறான். நகைச்சுவையாக நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பஞ்சாபின் வரலாறு வேறு. 1873இல் சியால்கோட் பகுதியில் டிட் என்பவர் கிறித்தவரானார். பக்காவின் சாதியைச் சேர்ந்தவர், படிக்காதவர், தோல் வாங்கி விற்றவர், ஒரு கால் ஊனமானவர். ஞானஸ்நானம் பெற்றபின் மிஷன் வளாகத்தில் தங்காமல் தன் ஊருக்கே திரும்பிப் போனார். உறவினரை, பக்கத்து ஊராரை அவரே அழைத்து வந்தார். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்தச் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள் லட்சக்கணக்கில். வெள்ளைக்காரர் கையைப் பிடித்து இழுத்து நடந்ததல்ல அது. மக்கள் தாமே எடுத்த முடிவு. மிஷனரிகளே முதலில் தயங்கினார்கள்.

பக்காவின் தெருவிலிருந்து ஒருவர் படித்திருந்தால், 'பாதிரி கோமாளியாக இருக்கட்டும், ஆனால் கிறித்தவத்தை அந்தப் பாதிரி மட்டுமே கொண்டுவருவதுபோல் எழுதாதீர்கள். எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் சர்ச்சுக்குப் போகிறார்கள்' என்று ஓரத்தில் எழுதியிருப்பார். அதோடு, லால் பேக், பாலா ஷா என்று அந்த மக்களுக்கே உரிய குருமார் மரபு ஒன்று இருந்தது. கதையை நகர்த்தும் எதிலும் அதற்கு வேலை இல்லை. கோயில் கதவு மூடியிருப்பதை ஆனந்த் பார்த்தார். அந்த மக்களுக்கென்று ஒரு வழிபாடு இருந்ததைப் பார்க்க, தெருவுக்குள் போயிருக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்புதான் எங்களுக்கு மிக முக்கியம். நாவலின் முடிவில் இரண்டாவது வழியாக வருபவர் காந்தி. சிறையிலிருந்து வந்து ஒரு பெருங்கூட்டத்தில் பேசுகிறார். தீண்டாமை பாவம் என்கிறார். கூடவே, துப்புரவுத் தொழிலாளர்கள் குடியை விட வேண்டும், செத்த மாட்டுக்கறியை விட வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறார். அந்த இடத்தில் பக்காவுக்கு உள்ளே சுருக்கென்கிறது. இப்போது எங்களையே குறை சொல்கிறாரே, இது நியாயமில்லையே என்று நினைக்கிறான். வெட்டப்பட்ட பிரதியிலும் அந்த நினைப்பு தப்பிப் பிழைத்திருக்கிறது. அதற்காக ஆனந்துக்கு ஒரு வணக்கம் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சுருக் என்ற நினைப்பு போய்ச் சேர நாவலில் ஓர் இடமில்லை. கதை நடப்பது, காந்தியின் பேச்சிலிருந்தே தெரிகிறது, 1932ஆம் ஆண்டு உண்ணாவிரதத்தை ஒட்டிய காலம். ஊர் கற்பனை ஊர்தான், ஆனால் பஞ்சாபி வாழ்க்கை. அந்தப் பஞ்சாபில் 1926 முதல் ஆதி தர்ம இயக்கம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் மங்கு ராம். ஹோஷியார்பூர் பக்கத்து முகோவால் கிராமத்தில், தோல் வேலை சுமத்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அமெரிக்கா போய்க் கூலி வேலை செய்து, கதர் கட்சியில் சேர்ந்து, ஊர் திரும்பியவர். நாங்கள் இந்துக்கள் அல்ல, இந்த மண்ணின் ஆதி மக்கள் என்று அந்த இயக்கம் சொன்னது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பஞ்சாபில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் மதம் ஆதி தர்மம் என்று பதிவு செய்தார்கள். சாதி இந்துக்களின் மிரட்டலையும் ஊர்விலக்கத்தையும் தாங்கிக்கொண்டு செய்த பதிவு அது.

பக்காவின் உயிர் நண்பன் சோட்டா. நாவலிலேயே அவன் தோல் தொழிலாளியின் மகன். அவன் வீட்டில் கணக்கெடுப்பு பற்றி ஒரு வார்த்தை பேச்சு இல்லையா? ஹாக்கி விளையாடும்போது, பீடி பிடிக்கும்போது, அந்தக் கூட்டத்துக்கு என் மாமா போனார் என்று ஒரு பேச்சு வராதா? அம்பேத்கர் என்ற பெயர் அந்தத் தெருவை எட்டவே இல்லையா? காந்தி யாருக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தாரோ அந்த மனிதர் இல்லாமல், உண்ணாவிரதம் மட்டும் நாவலில் இருக்கிறது. பக்காவுக்குக் கிடைக்கும் மூன்று வழிகளையும் வெளியாட்களே கொண்டுவருகிறார்கள். நான்காவது வழி அவன் தெருவிலிருந்தே கிளம்பியிருந்தது.

மூன்றாவது வழியாக வருபவர் சர்ஷார் என்ற கவிஞர். தண்ணீர் ஊற்றி மலத்தைத் தள்ளிவிடும் இயந்திரக் கழிப்பறை வந்துவிட்டால் மலம் அள்ளுவோர் தேவையில்லை, தீண்டாமையும் போய்விடும் என்கிறார். பக்கா அந்த நம்பிக்கையோடு வீட்டுக்கு நடக்கிறான். இந்த இடத்தில் அந்தத் தெருவாசி ஒரே ஒரு கேள்வி எழுதியிருப்பார்: 'அது அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவார்கள்?' அந்தக் கேள்விக்குப் பதில் நமக்குத் தெரியும். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். கழிப்பறை மாறியது, குழாய் வந்தது, தொட்டி வந்தது. அடைப்பெடுக்க மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களின் சாதி மாறவில்லை.

குறிப்பு எழுதுவதும் வரம்பும்

மேலே நாங்கள் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். 'மனம் புண்படுகிறது' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. முன்வாசிப்பின் எதிர்ப்பாளர்கள் இதை மனம் புண்படுவோரின் தணிக்கை என்கிறார்கள். சரியாகச் செய்தால் இது அறிவு வேலை. தவறான தகவல், கதைசொல்லியின் பார்வைக் கோணம், சொல், விடுபடல் என்று நான்கு வகையாகக் குறிப்புகளைப் பிரித்து, பக்க எண் போட்டு, ஏன் என்று காரணம் எழுதி, முடிந்தால் மாற்றுவழியும் சொல்வது. இவற்றில் விடுபடலைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பக்கத்தில் இல்லாததைப் பக்கத்தில் தேட முடியாது. அதற்குத்தான் அந்த வாழ்க்கையில் பிறந்தவர் வேண்டும்.

எப்போது படிக்கிறோம் என்பதும் முக்கியம். அச்சுப்படி திருத்தும் கட்டத்தில் கொடுத்தால் நான்கு சொல்லை மாற்றலாம், அவ்வளவுதான். சோட்டாவின் வீட்டில் ஒரு காட்சியைச் சேர்க்க முடியாது. கதை இன்னும் வளையக்கூடிய நிலையில், முதல் முழு வரைவுக்குப் பின் கொடுக்க வேண்டும்.

அச்சானபின் படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு உண்டு. பிரேம்சந்தின் 'ரங்கபூமி' 1925இல் வந்தது. நாயகன் சூர்தாஸ், பார்வையற்ற தலித். நாவல் பள்ளிப் பாடமானபோது, அவனைச் சாதிப்பெயரால் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது வகுப்பறையில் நம் பிள்ளைகளை அவமானப்படுத்தும் என்று சொல்லி, 2004இல் டெல்லியில் பாரதிய தலித் சாகித்ய அகாடமி அந்த நூலை எரித்தது. இலக்கிய உலகம் பதறியது. தலித் எழுத்தாளர்களிடமே இரண்டு கருத்து இருந்தது. எரித்தது சரியா என்பதை நீங்கள் விவாதியுங்கள். நாங்கள் கவனிக்கச் சொல்வது, எழுபத்தொன்பது ஆண்டு கழித்து, எழுதியவரும் இறந்தபின், வாசிப்பு நடந்தால் மிஞ்சுவது இரண்டே வழி: எரிப்பது, அல்லது வாயை மூடிக்கொள்வது. ஓரத்தில் குறிப்பெழுதும் வழி அடைபட்டுப் போயிருந்தது.

முன்வாசிப்புக்கு வரம்பு உண்டு. தலித் என்பது ஒரே வாழ்க்கை அல்ல. கிணற்றடியில் சோகினியை மட்டம்தட்டும் வண்ணார் சாதிப் பெண் குலாபோவை ஆனந்தே எழுதிக் காட்டுகிறார். அந்த ஊரில் தோல் தொழிலாளியின் மகன் எழுதும் குறிப்பும் துப்புரவுத் தொழிலாளியின் மகள் எழுதும் குறிப்பும் ஒன்றாக இராது. எனவே பக்காவைப் பற்றிய நாவலுக்குப் பொதுவாக 'ஒரு தலித் வாசகர்' போதாது. அதே சாதி, அதே வட்டாரம், ஆணும் பெண்ணும் வேண்டும். அவர்கள் தங்களுக்குள் முரண்பட்டால் அந்த முரண்பாட்டையும் எழுத்தாளருக்கு அப்படியே கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வரம்பு, முன்வாசகர் நாவலை எழுதித் தர முடியாது. குறிப்பை ஏற்பதும் தள்ளுவதும் எழுத்தாளர் கையில். அதனால்தான் நிபந்தனைகளை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்கிறோம். நாளை உங்களில் யாரிடமாவது ஒருவர் வந்து, 'உங்க மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க தோழர்' என்று பிரதியை நீட்டினால், நான்கு விஷயம் கேளுங்கள். இது எத்தனையாவது வரைவு, இன்னும் மாற்ற முடியுமா? கூலி எவ்வளவு? ஒவ்வொரு குறிப்புக்கும் ஏற்றேன், ஏற்கவில்லை, இன்ன காரணம் என்று எழுத்தில் பதில் வருமா? கடைசியாக, என் பெயரை நூலில் போடுவதா வேண்டாமா என்பதை நூல் முடிந்தபின் நான் முடிவு செய்யலாமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் குறிப்புகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நன்றியுரையில் உங்கள் பெயரை மட்டும் போட்டால், நாளை வரும் விமர்சனத்துக்கு நீங்கள்தான் கேடயம். 1935இல் ஃபார்ஸ்டரின் முன்னுரை செய்த வேலையை இன்று உங்கள் பெயர் செய்துவிடும்.

ஆனந்த் நீண்ட காலம் வாழ்ந்தார், 2004 வரை. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலுக்கு 1990இல் ஒரு பதிப்பும் கொண்டுவந்தார். 'அன்டச்சபிள்' வெளிவந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்பேத்கரைப் படிக்கிற அந்த ஆனந்த், பிரதியை எடுத்துக்கொண்டு சபர்மதிக்குப் போவதற்கு முன் பக்காவின் தெருவுக்கு ஒருமுறை போயிருந்தால், வெட்டிய அந்த நூறு பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்பதை நாங்கள் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி பேசுவதுண்டு. நீங்களும் நாவலைக் கையில் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதிப் பாருங்கள். சோட்டாவின் வீட்டிலிருந்து தொடங்கலாம்.